ஒரு லைன் வீட்டை ஐந்து நிமிட வானொலிப் பேச்சாக்குவது எப்படி

நகரமயமாதலும் நெரிசலான குடியிருப்பும் என்ற தலைப்பில் ஐந்து நிமிட வானொலிப் பேச்சு ஒன்றை எழுதி, பேசி, பதிவு செய்து தர வேண்டும். சமூகவியல் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் கொடுக்கும் அசைன்மெண்ட் இது. நாற்பது பதிவுகள் வரும். காலேஜுக்குப் போகும் பஸ்ஸில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பேன். பாதிக்கு மேல் "இன்றைய நவீன உலகில் நகரமயமாதல் என்பது தவிர்க்க முடியாத ஒன்றாகிவிட்டது" என்று தொடங்கும். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். மதிப்பெண் போட வேண்டிய எனக்கே இந்தக் கதி என்றால், சமையல் செய்துகொண்டே ரேடியோ கேட்கிறவர் என்ன செய்வார்?

போன ஆண்டு ஒரு பதிவு மட்டும் என்னை இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்ட வைத்தது. அந்த மாணவி நகரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஓர் அறையைப் பற்றிப் பேசினாள். அவள் செய்ததை அவள் அனுமதியோடு படிப்படியாகச் சொல்கிறேன். இந்த அசைன்மெண்ட்டை முதல் முறை செய்கிறவர்களுக்கு அது போதும்.

முதலில் ஓர் அறையைப் பிடியுங்கள்

நாங்கள் இருப்பது திருப்பூர். இங்கே நெரிசலான வீடு என்றால் லைன் வீடுதான். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக ஆறு, எட்டு, பத்து அறைகள். மேலே ஷீட் அல்லது தளம். முன்னால் குறுகலான நடை. கடைசியில் பொதுக் கழிப்பறை. மற்ற ஊர்களில் இதே சங்கதிக்கு வேறு பெயர். சென்னையில் பழைய ஆட்கள் ஒண்டுக் குடித்தனம் என்பார்கள், சில ஊர்களில் ஸ்டோர் வீடு, தெற்கே வளவு, காம்பவுண்டு வீடு. உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்களோ அந்தச் சொல்லையே பேச்சில் வையுங்கள். "நெரிசல்மிகு குடியிருப்பு அலகு" என்று எழுதினால் கேட்பவருக்கு எதுவும் கண்ணில் வராது.

ஒன்றைக் கவனியுங்கள். மாணவர்கள் பலர் நெரிசல் என்றதும் "சேரி", "குடிசைப் பகுதி" என்று எழுதிவிடுகிறார்கள். லைன் வீடு பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அரசு அறிவிக்காத ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அடையாளம் காண வேண்டுமானால், அங்கே குறைந்தது 300 பேர், அதாவது 60, 70 குடும்பங்கள், மோசமான வீடுகளில் நெருக்கியடித்து ஒரே திரளாக இருக்க வேண்டும். எட்டுக் கதவு உள்ள ஒரு லைன் அதற்குள் எப்படி வரும்? பட்டா நிலம், செங்கல் சுவர், வீட்டு வரி கட்டிய ரசீது எல்லாம் இருக்கும். உள்ளே மட்டும் படுக்க இடம் இருக்காது. இந்த இடைவெளியே பேச்சுக்கு நல்ல விஷயம்.

அறையை அளந்து எண்ணுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டேப் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தெரிந்த வீடாக இருந்தால் நல்லது. தெரியாத வீட்டுக்குள் டேப்போடு நுழைந்தால் ஓனர் அனுப்பிய ஆள் என்று நினைப்பார்கள்.

அந்த மாணவி போனது அவளுடைய தோழியின் அக்கா வீட்டுக்கு. அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஆக 120 சதுர அடி. அக்கா கம்பெனியில் செக்கிங் வேலை, கணவர் டெய்லர், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஐந்து பேர். அடுப்பு மேடையும் அந்த அறைக்குள்ளேயே. பீரோ, டி.வி. ஸ்டாண்டு, அரிசி டிரம், தையல் மெஷின் ஒன்று. எல்லாவற்றையும் அளந்து கூட்டினாள். 40 சதுர அடி போய்விட்டது. மிச்சம் 80. ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 16 சதுர அடி.

பதினாறு சதுர அடி என்றால் எவ்வளவு? அவள் ஒரு பாயை விரித்து அளந்தாள். ஆறடிக்கு இரண்டரை அடி: 15 சதுர அடி. ஆக ஒருவருக்கு ஒரு பாய், அதற்கு மேல் ஒரே ஒரு சதுர அடி. அவ்வளவுதான் அந்த வீட்டில் ஆளுக்குரிய இடம். சமூகவியல் புத்தகத்தில் இருக்கும் எந்த வரையறையைவிடவும் இந்தப் பாய் நன்றாகப் பேசுகிறது.

வரையறையும் தெரிந்திருக்க வேண்டும்தான். ஒரு குடியிருப்பு அறையில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் அது நெரிசல் என்பது ஐ.நா. குடியிருப்பு அமைப்பின் அளவுகோல். நம் கணக்கெடுப்பில் "அறை" என்றால் சுவர், கதவு, கூரை வேண்டும். ஒருவர் படுக்கும் அளவுக்கு, குறைந்தது இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் வேண்டும். சமையலறை, குளியலறை, சாமான் அறை கணக்கில் இல்லை. அதனால் ஒரு வீட்டில் எத்தனை அறை என்று கேட்கும்போது "ரெண்டு ரூமுங்க" என்று பதில் வந்தால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, சமையல் செய்யும் மூலையைத் தடுப்பு போட்டுப் பிரித்ததாக இருக்கும். நேரில் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து கழிப்பறை. அந்த லைனில் எட்டு வீடு, 32 பேர், இரண்டு கழிப்பறை. வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிறவர்களுக்குக் காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரைதான் நேரம்: 150 நிமிடம். இரண்டு கழிப்பறைக்கும் சேர்த்து 300 நிமிடம். ஆளுக்கு ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அதிலேயே வாளியில் தண்ணீர் பிடிக்கும் நேரமும் அடக்கம். ஒன்று அடைத்துக்கொண்டால் அது பாதியாகிவிடும், ஐந்து நிமிடம்கூட இல்லை. "நாங்க நாலரைக்கே எந்திரிச்சிருவோம்" என்று அந்த அக்கா சொன்னதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

கடைசியாக ஒரு தாளில் 24 மணி நேரத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு மணிக்கும் அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை அந்த அறையில் மாமியார் மட்டும். அப்புறம் பிள்ளைகள். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் திரும்ப இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். ஆக எட்டரையிலிருந்து பத்து வரை சமையல், வீட்டுப்பாடம், டி.வி., குளியல், சாப்பாடு எல்லாம் ஒரே அறையில் ஒன்றன் மேல் ஒன்றாக நடக்கின்றன. நெரிசல் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. உங்கள் பேச்சை அந்த நேரத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "வீடு அமைதியாகத்தான் இருந்தது" என்று எழுதிய ஒருவனும் என் வகுப்பில் இருந்தான்.

கணவன் மனைவிக்குத் தனிமை எங்கே என்ற கேள்வி உங்களுக்குள் வரும். அதை நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பேச்சில் சேர்க்கலாமா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

அறையிலிருந்து ஊருக்கு

அறையை மட்டும் சொல்லிவிட்டு விட்டால் அது கதை. அறை ஏன் இப்படி ஆனது என்று சொன்னால்தான் சமூகவியல். இங்கே ஒரு பாதை மட்டும் போதும். நான் வாடகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

அந்த லைன் வீட்டுக்கு மாத வாடகை 3,500 ரூபாய். 120 சதுர அடி. சதுர அடிக்கு 29 ரூபாய். இரண்டு தெரு தள்ளி 650 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 10,000 ரூபாய். சதுர அடிக்கு 15 ரூபாய். சின்ன வீட்டில் இருப்பவர் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுக்கிறார். இந்தக் கணக்கைக் கேட்டதும் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உங்கள் தெருவில் நீங்களே விசாரித்து இதே வகுத்தலைச் செய்யுங்கள். எண் வேறாக வரும், திசை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

ஏன் கொடுக்கிறார்? மொத்தமாக 10,000 அவரால் முடியாது. அதற்குரிய அட்வான்ஸ் அதைவிட முடியாது. கம்பெனிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இரவு எட்டரைக்கு வேலை முடிந்து பத்து கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் பிள்ளைகள் தூங்கியிருக்கும். நிலம் வைத்திருப்பவருக்கும் இது தெரியும். ஒரு வீடு கட்டுகிற இடத்தில் எட்டு அறை கட்டினால் வருமானம் அதிகம், ஒருவர் காலி செய்தாலும் ஏழு வாடகை வந்துகொண்டிருக்கும். கரண்டுக்குத் தனியாகச் சின்ன மீட்டர் வைத்து ஓனர் சொல்லும் விலைதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு தரும் 100 யூனிட் சலுகை உள்ளே இருப்பவர் கைக்கு வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சுக்கு ஒரு நல்ல வரி கிடைக்கலாம்.

இதைச் சொல்லிவிட்டால் "மக்கள் கிராமத்திலிருந்து வந்து குவிகிறார்கள்" என்ற பழைய வாக்கியம் தேவைப்படாது. வருகிறார்கள்தான். தேனி, மதுரைப் பக்கமிருந்தும் வருகிறார்கள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் ஒரு நகரம் மூன்று வழியில் பெருக்கிறது. உள்ளேயே குழந்தைகள் பிறக்கின்றன, வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எல்லைக்கோடு நகர்கிறது. மூன்றாவதை மாணவர்கள் மறந்தேவிடுகிறார்கள். 2011-இல் பக்கத்து நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டபோது ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டராக இருந்த திருப்பூர் மாநகராட்சி ஏறத்தாழ 160 ஆனது. அன்று யாரும் பெட்டி படுக்கையோடு வரவில்லை. இருந்த இடத்திலேயே நகரத்துக்காரர் ஆனார்கள்.

இதனால் ஒரு குழி இருக்கிறது, விழாதீர்கள். 2011-இல் திருப்பூர் மக்கள்தொகை என்ன என்று தேடினால் மூன்று எண் கிடைக்கும். பழைய எல்லைக்கு 4.44 லட்சம். விரிந்த எல்லைக்கு 8.77 லட்சம். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதிக்கு 9.6 லட்சம். மூன்றும் சரி. ஒரு மாணவன் 2001-க்கு ஓர் எல்லையையும் 2011-க்கு வேறோர் எல்லையையும் எடுத்து "பத்தாண்டில் மூன்று மடங்கு" என்று முழங்கினான். தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் 2001-இல் 5.5 லட்சம், 2011-இல் 9.6 லட்சம். அதுவே பெரிய வளர்ச்சிதான். இதைச் சொன்னால் போதும்.

எத்தனை எண், எந்த எண்

ஐந்து நிமிடத்தில் கேட்பவர் மனதில் நிற்பது மூன்று எண்கள். பாயின் கணக்கு ஒன்று, கழிப்பறையின் நிமிடம் ஒன்று, வாடகை ஒன்று. நாட்டு அளவில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், கேட்பவர் எதிர்பார்க்காததைச் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் 100 குடும்பங்களில் 32 ஒரே அறையில் வாழ்ந்தன. கிராமங்களில் 39. ஆம், கிராமத்தில்தான் அதிகம். நெரிசல் நகரம் கண்டுபிடித்த விஷயம் இல்லை. கிராமத்தில் ஓரறை வீட்டுக்கு வெளியே திண்ணை, வாசல், வேப்ப மரம் இருக்கும். லைன் வீட்டுக்கு வெளியே மூன்றடி நடையும் எதிர்ச் சுவரும். அறை ஒன்றுதான், அறைக்கு வெளியே இருந்த மிச்ச வீட்டைத்தான் நகரம் எடுத்துவிட்டது. இப்படிச் சொன்னால் எண் அறையோடு ஒட்டிக்கொள்ளும். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011-ஐப் பயன்படுத்துகிறோம். ஆண்டை வாய்விட்டுச் சொல்ல மறக்காதீர்கள்.

மக்கள் அடர்த்தியைக் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அடர்த்தி என்பது ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் எத்தனை பேர் என்பது. நெரிசல் என்பது ஓர் அறையில் எத்தனை பேர் என்பது. 2011-இல் சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26,500 பேர். நியூயார்க்கின் மன்ஹாட்டனிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அங்கே கட்டடம் மேலே போகிறது, ஆளுக்குக் கிடைக்கும் தளப்பரப்பு அதிகம். அடர்த்தி ஒன்றாக இருந்தும் அறைக்குள் நிலைமை வேறு. உங்கள் பேச்சில் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஆசிரியர் அந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுவார். நான் போடுவேன்.

"நெரிசலால் குற்றம் பெருகுகிறது" என்று எழுதாதீர்கள். எட்டுக் குடும்பத்தையும் பழிசொல்லும் வரி அது, உங்களிடம் அதற்குச் சான்று இல்லை. காற்றோட்டமில்லாத அறையில் காசநோய் எளிதாகப் பரவும் என்று சொல்லலாம், அந்த நோய் காற்றில் பரவுவது என்பதால்.

கோட்பாடு ஒன்று வேண்டும் என்று கேட்பார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் லூயிஸ் வர்த் 1938-இல் நகர வாழ்க்கைக்கு மூன்று அடையாளம் சொன்னார்: ஆட்தொகை, அடர்த்தி, பலதரப்பட்ட மக்கள். இவற்றால் உறவுகள் மேலோட்டமாகிவிடும் என்பது அவர் வாதம். வானொலியில் பெயரும் ஆண்டும் சொன்னால் காதில் நிற்காது. அதைக் கேள்வியாக மாற்றுங்கள்: "நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்கிறார்கள். இந்த லைனில் பக்கத்து வீட்டில் இன்று என்ன குழம்பு என்பதே தெரிகிறது. தெரியாமல் இருக்க வழி இல்லை." வர்த் சொன்னது பொருந்துகிறதா இல்லையா என்பதை எழுத்துப் படிவத்தில் நாலு வரியில் விளக்கிக்கொள்ளலாம்.

காதுக்கு எழுதுவது

ஆங்கில வானொலிக்கு நிமிடத்துக்கு 150 சொல் என்று எங்கோ படித்துவிட்டு 750 சொல் எழுதி வருகிறார்கள். தமிழ்ச் சொல் நீளமானது. "வந்துகொண்டிருந்தவர்களுக்காக" என்பது ஒரே சொல். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90, 100 சொல் போகும். அந்தக் குடும்பத்தின் குரலுக்கும் பின்னணி ஒலிக்கும் முக்கால் நிமிடம் விட்டால் நீங்கள் பேச 400 சொல் இருக்கிறது. போனில் ஒரு பத்தியைப் படித்து நேரம் பார்த்தால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல், தமிழில் வினை கடைசியில் வரும். எழுதிய மாணவர் இப்படி வைத்திருந்தார்: "தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்து, குறைந்த வாடகையில் கிடைக்கும் என்பதால் லைன் வீடுகளில் குடியேறி, போதிய கழிப்பறை வசதியின்றித் தவிக்கும் தொழிலாளர்களின் நிலை கவலைக்குரியது." கண்ணால் படித்தால் புரியும். காதால் கேட்டால் 'தொழிலாளர்' வருவதற்குள் யாரைப் பற்றி என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். உடைத்துவிடுங்கள்: "செல்வி தேனிப் பக்கத்துக்காரர். வேலைக்காகத் திருப்பூர் வந்தார். நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது இந்த அறைதான்." ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை போதும். "மேற்கண்ட", "பின்வரும்" இரண்டையும் தூக்கிவிடுங்கள், ரேடியோவில் மேலும் இல்லை, கீழும் இல்லை. பெயரை மாற்றி வையுங்கள், மாற்றியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். லைன் இருக்கும் தெருவையும் சொல்ல வேண்டாம். நீங்கள் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள், ஓனர் காதுக்குப் போனால் காலி செய்ய வேண்டியது அவர்கள்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற கேள்வி எப்போதும் வரும். நீங்கள் பேசுவது எளிய எழுத்துத் தமிழில், அந்த அக்கா பேசுவது அவருடைய வாய்மொழியில். இரண்டும் அடுத்தடுத்து வரும்போது யார் குரல் என்பது தானாகவே தெரியும்.

சரி, அந்த மாணவியின் பேச்சிலிருந்து நடுப்பகுதியை மட்டும் சுருக்கி, பெயர் மாற்றித் தருகிறேன்:

"காலை ஐந்தரை மணி. திருப்பூரில் ஒரு லைன் வீடு. எட்டுக் கதவு, ஒரே வரிசை. கடைசியில் இரண்டு கழிப்பறை. முன்னால் ஒரு வாளி நிற்கிறது. ஆளைக் காணோம். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. இந்த லைனில் அது சட்டம்.

(வாளியில் தண்ணீர் விழும் ஒலி, ஐந்து விநாடி)

இங்கே முப்பத்திரண்டு பேர். எட்டு மணிக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் வாளியை நிரப்புவதும் உண்டு.

மூன்றாவது கதவு செல்வியின் வீடு. பெயரை மாற்றியிருக்கிறேன். வீடு என்றால் ஓர் அறை. உங்கள் வீட்டில் ஒரு பாய் இருக்கும், இல்லையா? அதை விரித்துக்கொள்ளுங்கள். செல்வியின் வீட்டில் ஒருவருக்கு உரிய இடம் அந்தப் பாய்தான். ஐந்து பேர், ஐந்து பாய். நடக்க வழி இல்லை. இரவில் பையனுக்குத் தண்ணீர் தாகம் எடுத்தால் பாட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

(செல்வியின் குரல்: 'ஊர்ல வாசல்ல கட்டில் போட்டுப் படுப்போம். இங்க வாசலே இல்லீங்க.')

இந்த அறைக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். குறைந்த வாடகைதானே என்று தோன்றும். பக்கத்துத் தெருவில் பெரிய வீட்டில் இருப்பவர் ஓர் அடிக்குப் பதினைந்து ரூபாய் கொடுக்கிறார். செல்வி ஓர் அடிக்கு இருபத்தொன்பது ரூபாய் கொடுக்கிறார். ஆமாம், செல்விதான் அதிகம் கொடுக்கிறார்."

கடைசி வாக்கியம் முந்தியதையே திரும்பச் சொல்கிறது. எழுத்தில் அடித்துவிடலாம். வானொலியில் அது வேண்டும், ஏனென்றால் கேட்பவர் பின்னால் போய்ப் படிக்க முடியாது. எண்களை எழுத்தால் எழுதியிருக்கிறாள் என்பதையும் பாருங்கள். 3,500 என்று தாளில் இருந்தால் மைக் முன்னால் நாக்கு ஒரு கணம் தடுக்கும்.

பதிவு

ஸ்டுடியோ வேண்டாம். போன் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் இல்லாத அறையாகப் பாருங்கள், தலைக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டால் எதிரொலி போய்விடும். வியர்க்கும், ஐந்து நிமிடம்தானே. போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் 'புஸ்' என்று காற்று அடிக்கும். லைன் வீட்டுக்குப் போகும்போது பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அதை அடியில் ஓடவிட்டால் தையல் தெரியாது.

சமர்ப்பிக்கும் முன் பதிவை அந்த வீட்டில் போட்டுக் காட்ட வேண்டும். இது நான் வைத்திருக்கும் விதி, மதிப்பெண் உண்டு. மாணவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். செல்வி முழுக்கக் கேட்டார். பாய்க் கணக்கு வந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "அஞ்சு பேருன்னு சொல்லிட்டியே கண்ணு. சனிக்கிழமை ராத்திரி என் தங்கச்சி ஹாஸ்டல்ல இருந்து வந்துருவா. நீ வந்தது செவ்வாய்க்கிழமை." ஆறு பேர் என்றால் ஆளுக்குப் பதின்மூன்று சதுர அடி. பாயைவிடச் சின்னது. அன்று இரவே அந்த ஒரு வரியை மட்டும் போர்வைக்குள் மறுபடி பதிவு செய்து ஒட்டினாள். ஒட்டிய இடம் லேசாகத் தெரிகிறது.